கணவரின் அரசாங்க பென்சனை மனைவி பெயருக்கு மாற்ற: கடிதம், இணைப்புகள், கோப்பு சிக்கிக்கொள்ளும் இடங்கள்

மலேசியாவில் சுங்கை சிப்புட் போன்ற தோட்ட நகரங்களில் அரசாங்க பென்சன் வாங்கும் குடும்பங்கள் நிறைய உண்டு. ஜேகேஆர் சாலைத் தொழிலாளி, அரசாங்க மருத்துவமனை அட்டெண்டன், நகராட்சித் துப்புரவாளர், தமிழ்ப்பள்ளி ஆசிரியர் என்று ஒரு வரிசைக்கு இரண்டு மூன்று வீடுகளாவது இருக்கும். அவர் காலமானதும் அந்தப் பணம் மனைவி பெயருக்குத் தானாக மாறாது. முதலில் அது நிற்கும். மனைவி விண்ணப்பித்து, கோப்பு சரியாக இருந்தால் மட்டுமே அது ‘பென்சென் தெர்பித்தான்’ என்ற பெயரில் மறுபடி வரத் தொடங்கும். குடும்ப ஓய்வூதியம் என்று நாம் சொல்வது இதைத்தான்.

விதி மனைவிக்குச் சாதகமாகவே இருக்கிறது. கோப்பு நிற்பது பெரும்பாலும் இரண்டே காரணத்தால்: திருமணத்துக்கு ஆதாரம் போதவில்லை, அல்லது ஒரே ஆளின் பெயர் பத்திரத்துக்குப் பத்திரம் வேறாக இருக்கிறது. அதனால் இந்த வழிகாட்டியில் பாதி இடத்தை அந்த இரண்டுக்கும் ஒதுக்கியிருக்கிறோம்.

முதலில், பணம் கொடுப்பது யார்?

தவறான அலுவலகத்துக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் காத்திருப்பவர்கள் உண்டு. கணவரின் வங்கிப் புத்தகத்தையும் அவருடைய பென்சன் அட்டையையும் எடுத்துப் பாருங்கள். அவர் அரசாங்க ஊழியராக இருந்து ஓய்வு பெற்றவர் என்றால் 1980ஆம் ஆண்டு ஓய்வூதியச் சட்டம் பொருந்தும். அரசு சார்ந்த வாரியங்களிலும் உள்ளூராட்சி மன்றங்களிலும் இருந்தவர்களுக்கு அதே ஆண்டின் தனிச் சட்டம் ஒன்று உண்டு. 2015 நவம்பர் முதல் பென்சன் பட்டுவாடா வேலையைப் பொதுச் சேவைத் துறையிடமிருந்து குவாப் எனப்படும் ஓய்வூதிய நிதி நிறுவனம் ஏற்று நடத்துகிறது. வீட்டிலிருக்கும் பழைய கடிதங்களில் பொதுச் சேவைத் துறையின் பெயர் இருந்தாலும், இன்று விண்ணப்பம் போக வேண்டிய இடம் குவாப்.

தோட்டத்திலேயே வேலை செய்து, உடல் முடியாமல்போய் மாதப் பணம் வாங்கியவர் என்றால் அது சொக்சோவின் ‘பென்சென் ஈலாட்’. அவர் மறைந்தபின் மனைவி கேட்க வேண்டியது ‘பென்சென் பெனாக்காட்’. அதன் சட்டம் வேறு, பாரமும் வேறு. ஊழியர் சேமநிதியில் இருப்பது சேமிப்பு; அதை வாரிசு எடுத்துக்கொள்ளலாம், பென்சனாக மாற்ற முடியாது. இனி எழுதுவதெல்லாம் அரசாங்க பென்சனைப் பற்றியே.

முதல் வாரம்: மரணச் சான்றிதழும் ஏடிஎம் கார்டும்

மரணத்தை ஏழு நாளுக்குள் பதிய வேண்டும். மருத்துவமனையில் காலமானால் அங்கே தரும் பத்திரங்களோடு தேசியப் பதிவிலாகாவுக்குப் போகலாம். வீட்டில் காலமானால் முதலில் போலீஸ் நிலையம். அடக்கம் அல்லது தகனத்துக்கான அனுமதி இல்லாமல் எதையும் தொடங்காதீர்கள். சான்றிதழ் கையில் வந்ததும், கவுண்டரைவிட்டு நகர்வதற்கு முன்பே பெயர், அடையாள அட்டை எண், மரணத் தேதி மூன்றையும் கணவரின் ஐசியோடு ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். அங்கேயே திருத்துவது சுலபம். பிறகு திருத்த வேண்டுமென்றால் அதற்கென்று தனியாக ஒரு விண்ணப்பம் எழுத வேண்டும்.

அடுத்தது கார்டு. காரியச் செலவுக்காகப் பிள்ளைகள் அப்பாவின் ஏடிஎம் கார்டில் பணம் எடுப்பது பல வீடுகளில் நடக்கிறது. கெட்ட எண்ணத்தில் யாரும் செய்வதில்லை. ஆனால் கணவரின் பென்சன் அவர் இறந்த நாளோடு முடிகிறது. மனைவியின் உரிமை மறுநாளிலிருந்து தொடங்குகிறது. இடையில் அவர் கணக்கில் விழுந்த பணம் ‘லெபிஹான் பாயாரான்’, அதாவது கூடுதலாகக் கொடுக்கப்பட்ட தொகை. அதை குவாப் திரும்பக் கேட்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஆறுமுகம் என்பவரின் பென்சன் மாதம் 1,240 ரிங்கிட். அவர் மார்ச் 9ஆம் தேதி காலமானார் என்று வைத்துக்கொள்வோம். மார்ச்சுக்கு 31 நாள் என்பதால் ஒரு நாளுக்கு 40 ரிங்கிட். 9 நாளுக்கு 360 ரிங்கிட் அவருடையது. மார்ச் 10 முதல் 31 வரை 22 நாளுக்கு 880 ரிங்கிட் மனைவிக்குச் சேர வேண்டியது. தகவல் தாமதமாகப் போனதால் மார்ச், ஏப்ரல் இரண்டு மாதப் பணமும் முழுதாக அவர் கணக்கில் விழுந்துவிட்டது என்றால், கூடுதலாகப் போன தொகை 880-உம் 1,240-உம் சேர்ந்து 2,120 ரிங்கிட். ஜூன் தொடக்கத்தில் மனைவியின் விண்ணப்பம் அங்கீகரிக்கப்பட்டால், மே மாதம் முடிய அவருக்கு வர வேண்டிய நிலுவை 880, 1,240, 1,240 என்று மொத்தம் 3,360 ரிங்கிட். அந்த 2,120 கணவரின் கணக்கில் அப்படியே கிடந்து திரும்பிப் போனால் நிலுவை முழுதாகக் கைக்கு வரும். எடுத்துச் செலவழித்திருந்தால், நிலுவையில் கழித்ததுபோக மிஞ்சுவது 1,240 மட்டுமே. முதல் தொகை குறைவாக வந்ததற்கு அதிகாரி மேல் சந்தேகப்படுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒரு முறை போட்டுப் பார்த்தால் விவரம் புரியும்.

இதில் ஒரு நல்ல செய்தியும் உண்டு. பத்திரங்கள் தேடி இரண்டு மூன்று மாதம் ஆனாலும் உரிமைப் பணம் போய்விடாது. மரணத்துக்கு மறுநாளிலிருந்து கணக்கிட்டு நிலுவையாக வரும். அவசரப்பட்டு அரைகுறைக் கோப்பை அனுப்புவதைவிட, மரணத் தகவலை மட்டும் உடனே தெரிவித்துவிட்டு, விண்ணப்பத்தை முழுமையாகத் தயாரிப்பதே நல்லது.

திருமண ஆதாரம்

நம் மக்களுக்கு முக்கியமான தேதி 1982 மார்ச் 1. அன்றுதான் 1976ஆம் ஆண்டு திருமண, மணவிலக்குச் சீர்திருத்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் நடந்த முஸ்லிம் அல்லாதார் திருமணங்கள் பதியப்பட வேண்டும். அதற்கு முன் சமய முறைப்படி அல்லது வழக்கப்படி சரியாக நடந்த திருமணங்களை, பதிந்தவையாகவே சட்டம் கருதுகிறது. எனவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: தாலி கட்டியது எந்த ஆண்டு?

அந்தத் தேதிக்குப் பிறகு என்றால் பதிவிலாகாவின் திருமணச் சான்றிதழ் வேண்டும். ‘கோயிலில்தான் கட்டினோம், பதியவில்லை’ என்று சொல்லும் அம்மாக்கள் உடனே சோர்ந்துபோக வேண்டாம். பல கோயில்களில் துணைப் பதிவாளராக நியமிக்கப்பட்டவர்கள் இருந்தார்கள். கல்யாணத்தன்று கையெழுத்து வாங்கியது மறந்தே போயிருக்கும். இருவரின் ஐசி எண்ணையும் கொடுத்துப் பதிவேட்டில் தேடச் சொல்லுங்கள். பதிவு இருந்தால், அசல் தொலைந்திருந்தாலும் சான்றளித்த நகல் வாங்கிவிடலாம். உண்மையிலேயே பதிவு இல்லையென்றால் நிலைமை கடினம்தான். கோயில் கொடுத்த கல்யாணச் சீட்டு அந்த இடத்தை நிரப்பாது. விண்ணப்பம் அனுப்பும் முன் அரசாங்கச் சட்ட உதவித் துறையில் ஆலோசனை கேளுங்கள். கல்யாணத் தேதியை 1982க்கு முன் என்று மாற்றிச் சத்தியப் பிரமாணம் எழுதச் சொல்லி யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள். பொய்ப் பிரமாணம் தண்டனைக்குரிய குற்றம், பிள்ளைகளின் பிறப்புப் பத்திரமே அதைக் காட்டிக்கொடுத்துவிடும்.

அந்தத் தேதிக்கு முன் நடந்த திருமணம் என்றால் சான்றிதழ் இல்லாதது குற்றமில்லை. ஆனால் அந்த இடத்தை வேறு ஆதாரங்களால் நிரப்ப வேண்டும். இதில் பலமானது கணவரின் சேவைப் பதிவேடு. வேலையில் சேர்ந்தபின் மனைவி, பிள்ளைகள் விவரத்தை அவர் அதில் எழுதிக் கொடுத்திருப்பார். அதில் உங்கள் பெயர் இருந்தால் குவாப் கேட்கும் கேள்விக்கு அரசாங்கக் கோப்பே பதில் சொல்கிறது. கடைசியாக அவர் வேலை பார்த்த இலாகாவுக்கு எழுதி, அந்தப் பக்கத்தின் நகல் கேளுங்கள். அதோடு, அப்பா அம்மா இருவர் பெயரும் உள்ள பிறப்புப் பத்திரங்கள், பிறகு சத்தியப் பிரமாணம். பிரமாணத்தில் திருமணம் நடந்த நாள், கோயில், தோட்டத்தின் பெயர், கடைசிவரை மணவிலக்கு ஆகாமல் சேர்ந்து வாழ்ந்தது ஆகியவை இருக்க வேண்டும். திருமணத்தை நேரில் பார்த்த வயதானவர்கள் இருவர் தனித்தனியாகப் பிரமாணம் கொடுத்தால் கோப்பு இன்னும் உறுதிப்படும். ‘எங்களுக்குத் தெரிந்தவரை கணவன் மனைவிதான்’ என்ற பொத்தாம் பொதுவான வரிக்கு மதிப்புக் குறைவு. ‘நான் அந்தக் கல்யாணத்தில் இருந்தேன், மணப்பெண் என் பக்கத்து வரிசைக்காரர்’ என்பது போன்ற வரிதான் வேலை செய்யும்.

பெயரும் பழைய ஐசி எண்ணும்

அந்தக் காலத்தில் தோட்டத்துக் கிராணியோ குமாஸ்தாவோ காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள்தான் இன்றைக்கும் பத்திரங்களில் இருக்கின்றன. முனியம்மா என்ற ஒரு பெயர் ஐசியில் இரண்டு ‘எம்’மோடும், மூத்த மகனின் பிறப்புப் பத்திரத்தில் ஒரே ‘எம்’மோடும், கணவரின் சேவைப் பதிவேட்டில் கடைசி ‘எச்’ இல்லாமலும் இருக்கும். தகப்பன் பெயர் ஓரிடத்தில் முழுதாக, இன்னோரிடத்தில் முதலெழுத்தாக. அதற்கு மேல், பழைய பத்திரங்களில் ஏழு இலக்க ஐசி எண், இப்போதைய அட்டையில் பன்னிரண்டு இலக்கம். கோப்பைப் பார்க்கும் அதிகாரிக்கு இவர்கள் ஒருவரா மூவரா என்று தெரியாது. தெரியாதபோது கேள்விக் கடிதம் அனுப்புவார், அதற்குள் ஒரு மாதம் ஓடிவிடும்.

அவர் கேட்கும் முன் நீங்களே சொல்லிவிடுங்கள். எல்லாப் பத்திரங்களையும் மேசையில் பரப்பி, ஒரு தாளில் மூன்று பத்தி போடுங்கள்: பத்திரம், அதில் உள்ள பெயர், அதில் உள்ள எண். வேறுபாடு ஒவ்வொன்றையும் அந்தந்த எழுத்து மாறாமல் எழுதுங்கள். ‘இவை அனைத்தும் என்னையே குறிக்கின்றன’ என்று அந்தப் பட்டியலோடு ஒரு சத்தியப் பிரமாணம் போதும். ஐசி எண் மாற்றத்துக்குப் பதிவிலாகாவிடமிருந்து உறுதிப்படுத்தும் கடிதம் வாங்கி இணைப்பது நல்லது. கணவரின் பெயரிலும் இதே வேறுபாடு இருந்தால் அதையும் அதே பிரமாணத்தில் சேருங்கள்.

வங்கிக் கணக்கு

கணக்கு மனைவியின் தனிப் பெயரில் இருக்க வேண்டும். மகனோடு கூட்டுக் கணக்கு, மருமகள் கணக்கு எதுவும் உதவாது. சிறுநகரங்களில் பலருக்கு பிஎஸ்என் புத்தகம் இருக்கும், ஆனால் ஆண்டுக்கணக்கில் தொட்டிருக்க மாட்டார்கள். பன்னிரண்டு மாதம் வரவு செலவே இல்லாத கணக்கை வங்கி செயல்படாத கணக்காக்கிவிடும். பணம் போட்டால் திரும்பிவிடலாம். நேரில் போய் உயிர்ப்பித்து, பத்து ரிங்கிட் போட்டு, அந்தப் பதிவு தெரியும் பக்கத்தை நகல் எடுங்கள்.

கடிதம்

விண்ணப்பப் பாரத்தை குவாப்பின் இணையப் பக்கத்திலிருந்து எடுக்கலாம், முகப்பிடத்திலும் கேட்டு வாங்கலாம். பாரம் மட்டும் போதுமே, கடிதம் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பாரத்தில் கட்டங்கள்தான் இருக்கின்றன. சான்றிதழ் ஏன் இல்லை, பெயர் ஏன் மாறியிருக்கிறது என்று விளக்க இடமில்லை. அந்த விளக்கத்தைக் கடிதம் கொடுக்கிறது. கடிதத்தை மலாயில் எழுத வேண்டும். கீழே இருப்பது அதன் உள்ளடக்கம். இந்த வரிசை மாறாமல் மலாயில் எழுதிக்கொள்ளுங்கள். 1979இல் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் திருமணமான, உடற்குறையுள்ள மகனைப் பராமரிக்கும் ஓர் அம்மாவின் கடிதமாக இதை அமைத்திருக்கிறோம்.

> அனுப்புநர்: பெயர் (ஐசியில் உள்ளபடி), ஐசி எண், முழு முகவரி, கைத்தொலைபேசி எண்
>
> தேதி
>
> துவான் / புவான்,
>
> பொருள்: காலமான பென்சன்தாரர் (பெயர், ஐசி எண், பென்சன் கோப்பு எண்) – பென்சென் தெர்பித்தான் கோரி விண்ணப்பம்
>
> 1. மேற்கண்ட பென்சன்தாரர் (தேதி) அன்று காலமானார். அவர் பொதுப்பணித் துறையில் சாலைத் தொழிலாளியாக இருந்து ஓய்வு பெற்றவர். நான் அவருடைய சட்டப்படியான மனைவி. அவர் பெற்றுவந்த ஓய்வூதியத்தைக் குடும்ப ஓய்வூதியமாக மாற்றி எனக்கு வழங்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> 2. எங்கள் திருமணம் (தேதி) 1979 அன்று (கோயில், தோட்டம்) இந்து முறைப்படி நடந்தது. 1982 மார்ச் 1க்கு முன் நடந்ததால் பதிவுச் சான்றிதழ் இல்லை. அதற்கான ஆதாரங்கள் இணைப்பு 4 முதல் 6 வரை உள்ளன. எங்களுக்கு மணவிலக்கு ஆகவில்லை. அவருக்கு வேறு மனைவி இல்லை.
>
> 3. எங்கள் பிள்ளைகளில் (பெயர், ஐசி எண்) நிரந்தர உடற்குறை உள்ளவர். சுயமாகச் சம்பாதிக்க இயலாதவர். மற்ற பிள்ளைகள் 21 வயதைக் கடந்தவர்கள்.
>
> 4. பத்திரங்களில் என் பெயரும் ஐசி எண்ணும் வேறுபடுவதற்கான விளக்கம் இணைப்பு 7இல் உள்ளது.
>
> 5. பென்சன்தாரரின் கணக்கில் மரணத்துக்குப் பின் வரவான தொகை எடுக்கப்படவில்லை. (எடுத்திருந்தால்: இன்ன தேதியில் இவ்வளவு ரிங்கிட் எடுக்கப்பட்டது; நிலுவையில் கழித்துக்கொள்ளச் சம்மதிக்கிறேன்.)
>
> 6. ஓய்வூதியத்தை என் தனிக் கணக்கில் (வங்கி, எண்) செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.
>
> நன்றி.
>
> கையொப்பம், பெயர்
>
> இணைப்புகள்:
> 1. நிரப்பிய விண்ணப்பப் பாரம்
> 2. கணவரின் மரணச் சான்றிதழ்
> 3. என் ஐசி, கணவரின் ஐசி நகல் இருந்தால் அதுவும், அவருடைய பென்சன் அட்டை
> 4. சேவைப் பதிவேட்டின் குடும்ப விவரப் பக்கம்
> 5. திருமணம் பற்றி என் சத்தியப் பிரமாணம்
> 6. சாட்சிகள் இருவரின் சத்தியப் பிரமாணங்கள், அவர்களின் ஐசி நகல்
> 7. பெயர், ஐசி எண் வேறுபாடு பற்றிய சத்தியப் பிரமாணமும் பதிவிலாகாக் கடிதமும்
> 8. பிள்ளைகளின் பிறப்புப் பத்திரங்கள்
> 9. மகனின் உடற்குறையாளர் அட்டை, அரசாங்க மருத்துவர் அறிக்கை
> 10. வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கமும் அண்மைப் பதிவுப் பக்கமும்

திருமணச் சான்றிதழ் உள்ளவர்கள் 4 முதல் 6 வரையிலான இடத்தில் அதை ஒன்றை மட்டும் வைத்தால் போதும். இரண்டாம் பத்தியும் ஒரே வரியாகிவிடும்.

ஐந்தாம் பத்தியைப் பார்த்துத் தயங்குகிறவர்கள் அதிகம். பணம் எடுத்ததை ஒளித்தால் வங்கிக் கணக்கறிக்கையில் அது தெரியத்தான் போகிறது. முதலிலேயே சொல்லிவிட்டால் அது வெறும் கழிவுக் கணக்கு.

மூன்றாம் பத்தியும் முக்கியம். 21 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள், அந்த வயதைத் தாண்டியும் முதல் பட்டப்படிப்பு முடிக்காமல் உயர்கல்விக் கழகத்தில் படிப்பவர்கள், நிரந்தர உடற்குறையோ மனவளக் குறையோ உள்ளவர்கள் ஆகியோருக்கும் இந்தச் சட்டத்தில் இடம் உண்டு. அம்மாவுக்குத்தானே பணம் வருகிறது என்று உடற்குறையுள்ள மகனின் பெயரை விட்டுவிடாதீர்கள். நாளை அம்மாவும் இல்லாத நிலையில் அந்தப் பிள்ளைக்காக விண்ணப்பிக்கும்போது, இன்றைய கோப்பில் அவர் பெயரும் மருத்துவ அறிக்கையும் இருப்பது பெரிய ஆதாரம். அறிக்கையில் நோயின் பெயர் மட்டும் இருந்தால் பற்றாது. ‘நிரந்தரமானது’, ‘சுயமாகச் சம்பாதிக்க இயலாது’ என்ற இரண்டையும் மருத்துவர் தெளிவாக எழுதியிருக்க வேண்டும்.

நகலை உறுதிப்படுத்துவதும் அனுப்புவதும்

அசலை அஞ்சலில் அனுப்பாதீர்கள். நகல்களை அரசாங்க உயர்நிலை அதிகாரி ஒருவரிடம் கொடுத்து, அசலோடு ஒப்பிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். தோட்ட நகரில் இதற்கு எளிதில் கிடைப்பவர் தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர்தான். கையெழுத்துக்குக் கீழே பெயர், பதவி, இலாகா முத்திரை மூன்றும் படிக்கும்படி விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். முத்திரை மங்கிப்போய்த் திரும்பி வந்த கோப்புகள் உண்டு. சத்தியப் பிரமாணத்துக்கு மட்டும் தலைமையாசிரியர் போதாது. சத்தியப் பிரமாண ஆணையர் முன்தான் கையெழுத்திட வேண்டும். வீட்டிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துச்செல்லக் கூடாது. கைநாட்டு வைப்பவர் என்றால், பிரமாணம் அவருக்குப் புரியும் மொழியில் வாசித்துக் காட்டப்பட்டது என்ற வரியையும் சேர்க்கச் சொல்லுங்கள்.

இணைப்பு ஒவ்வொன்றின் மேல்மூலையிலும் கடிதத்தில் உள்ள அதே எண்ணைப் பென்சிலால் எழுதி, அதே வரிசையில் அடுக்குங்கள். முழுக் கட்டையும் இன்னொரு பிரதி எடுத்து வீட்டில் வையுங்கள். நேரில் கொடுத்தால் உங்கள் பிரதியில் பெற்றுக்கொண்ட முத்திரை வாங்குங்கள். அஞ்சலில் போனால் தடம் பார்க்கக்கூடிய எண்ணோடு அனுப்பி, சீட்டைக் கடிதப் பிரதியில் ஒட்டிவிடுங்கள்.

பென்சன்தாரர்களின் இறுதிச் சடங்குச் செலவுக்கென 3,000 ரிங்கிட் உதவித்தொகையும் உண்டு. ‘பந்துவான் மெங்குருஸ் ஜெனாசா’ என்று கேட்க வேண்டும். அது தனி விண்ணப்பம். செலவைப் பார்த்தவர் ஒருவர் பெயரில் மட்டுமே கேளுங்கள். அண்ணன் ஒன்று தம்பி ஒன்று என இரண்டு விண்ணப்பம் போனால் இரண்டும் நிற்கும்.

பணம் வந்தபின்

முதல் தொகை வந்த மாதம் அங்கீகாரக் கடிதத்தையும் வங்கிப் பதிவையும் பக்கத்தில் வைத்து, மேலே போட்ட கணக்கைப்போல் சரிபாருங்கள்: தொடக்க நாள் மரணத்துக்கு மறுநாள்தானா, மாதத் தொகை கணவர் கடைசியாக வாங்கிய அளவா, கழித்தது எவ்வளவு. மாறியிருந்தால் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு அந்த ஒரு விஷயத்தை மட்டும் கேட்டு எழுதுங்கள்.

உங்கள் பெயரில் புதிய பென்சன் அட்டை வந்ததும் அரசாங்க மருத்துவமனைப் பதிவில் கணவரின் அட்டைக்குப் பதிலாக அதைக் கொடுங்கள். சர்க்கரை, ரத்த அழுத்த மருந்துக்கு மாதாமாதம் போகிறவர்கள் இதை மறந்து பழைய அட்டையையே நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். பல்கலைக்கழகத்தில் படிக்கும் பிள்ளையின் பெயர் கோப்பில் இருந்தால், 21 வயது நிறைவதற்குச் சில மாதம் முன்பே, படிப்பு முடியும் மாதம் குறிப்பிட்ட உறுதிக் கடிதத்தைக் கழகத்திடம் வாங்கி குவாப்புக்கு அனுப்பிவிடுங்கள்.